பிழை குறைந்து பிறகு ஏறும் ஐஎல்சி: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

ரோபோ கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பின்தங்குகிறது, ஒரே இடத்தில் தாண்டிப் போகிறது. பிழை மாறாமல் திரும்பி வருவதால் போன சுற்றில் பதிவான பிழையை வைத்தே இந்தச் சுற்றின் கட்டளையை முன்கூட்டித் திருத்திவிடலாம். ஐஎல்சி, அதாவது Iterative Learning Control, என்று நாம் சொல்லும் முறை இதுதான். ஒசாகா பல்கலைக்கழகத்தில் அரிமோட்டோ, கவாமுரா, மியாசாகி மூவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இது ரோபோத் துறையில் பரவலாகப் பேசப்பட்டது.

இதன் விதி ஒரே வரி:

```
u[j+1](k) = u[j](k) + φ · e[j](k+γ)
```

`u` என்பது நாம் கொடுக்கும் கட்டளை, `j` என்பது சுற்று, `k` என்பது அந்தச் சுற்றுக்குள் சாம்பிள் எண். `e` என்பது வேண்டிய நிலைக்கும் கிடைத்த நிலைக்கும் உள்ள வேறுபாடு, `φ` கற்றல் அளவு. `γ` என்பது எத்தனை சாம்பிள் முன்னே பார்க்கிறோம் என்ற எண். பிழை முழுவதும் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதனால் `k` நேரத்துக் கட்டளையைத் திருத்த `k+6` நேரத்துப் பிழையை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. இந்த முறையின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கோளாறுகளில் பாதியும் இந்த எண்ணைச் சரியாக வைக்காததால்தான் வருகின்றன.

எழுத எளிது, ஓடவிட்டால்தான் தொல்லை தெரியும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தையும், அது அந்தக் காரணம்தானா என்று உறுதி செய்யும் வழியையும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டு 40 டிகிரி போய்த் திரும்புகிறது. ஒரு சுற்று 4 விநாடி, விநாடிக்கு 100 சாம்பிள், ஆக மொத்தம் 400 எண்கள். மூட்டுக்கு ஏற்கெனவே ஒரு நிலைக் கட்டுப்பாட்டு லூப் இருக்கிறது. நாம் அந்த லூப்பைத் தொடுவதில்லை, அதற்குக் கொடுக்கும் நிலைக் கட்டளையை மட்டும் திருத்துகிறோம். கட்டளையிலிருந்து மூட்டின் நிலை வரை லூப் இப்படி நடந்துகொள்வதாக எடுத்துக்கொள்வோம்:

```
G(s) = 8.8/(s+8.8) · 37²/(s² + 37s + 37²)
```

இது நானாகச் சமைத்த மாதிரி அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாங்மன் தன் ஆய்வுகளில் ஒரு ஏழு மூட்டு ரோபோவின் மூட்டுக்குப் பல இடங்களில் பயன்படுத்திய மாதிரி. நிஜமான கையின் தாமதமும் அதிர்வும் இதில் ஓரளவுக்கு இருக்கின்றன.

ஒரு முன்னேற்பாடு. ஒவ்வொரு சுற்றின் `u`, `e` இரண்டையும் முழுசாகக் கோப்பில் சேமியுங்கள். ஆர்எம்எஸ் பிழை என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோளாறுகளில் எதையும் பிரித்தறிய முடியாது. பிழை எந்த நேரத்தில், எந்த அதிர்வெண்ணில் வளர்கிறது என்பதுதான் கதையைச் சொல்லும்.

அறிகுறி: முதல் சுற்றிலிருந்தே பிழை ஏறுகிறது

இது எளிதான கேஸ். முதலில் குறியைப் பாருங்கள். `e` என்பதை வேண்டியது கழித்தல் கிடைத்தது என்று வைத்தால் திருத்தத்தைக் கூட்ட வேண்டும், மாற்றி வைத்தால் கழிக்க வேண்டும். அடுத்து, பதிவும் கட்டளையும் ஒரே நேரக் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டளையை ஒரு கருவியும் என்கோடர் பதிவை வேறொரு கருவியும் கையாண்டால் இரண்டுக்கும் இடையே சில சாம்பிள் வித்தியாசம் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். அதைவிட மோசம், அந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று மாறுவது.

இரண்டையும் ஒரே சோதனையில் பிடித்துவிடலாம். கற்றலை நிறுத்திவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அடுத்த சுற்றில் அதே கட்டளையோடு ஒரு சின்னச் சோதனை அலையைச் சேர்த்து ஓட்டுங்கள். 0.3 ஹெர்ட்ஸில் தொடங்கி 20 ஹெர்ட்ஸ் வரை ஏறும் அலை, வீச்சு ஒரு டிகிரியில் பத்தில் ஒன்று, தொடக்கமும் முடிவும் பூஜ்ஜியம். இரண்டு சுற்றின் நிலைப் பதிவுகளைக் கழித்தால் புவியீர்ப்பு, பாதையின் வளைவு எல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போய் அந்தச் சின்ன அலைக்கு மூட்டு என்ன பதில் சொன்னது என்பது மட்டும் மிஞ்சும். கீழே `u_a`, `y_a` என்பவை முதல் சுற்றின் கட்டளையும் நிலைப் பதிவும், `u_b`, `y_b` அலை சேர்த்த சுற்றுடையவை.

```python
du = u_b - u_a
dy = y_b - y_a
G  = np.fft.rfft(dy) / np.fft.rfft(du)
f  = np.fft.rfftfreq(len(du), 0.01)
phase = np.degrees(np.unwrap(np.angle(G)))
```

தாழ்ந்த அதிர்வெண்ணில் `G` ஏறக்குறைய +1 ஆக இருந்தால் குறி சரி. −1 பக்கம் இருந்தால் எங்கோ தலைகீழ். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மூட்டின் அலை கட்டளையைவிட எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்று காட்டும் இந்த `phase` வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த அறிகுறிக்கு இதுதான் மருந்து.

அறிகுறி: முதல் பத்து சுற்று அருமையாகக் குறைகிறது, அப்புறம் மெல்ல ஏறி, கை இரைய ஆரம்பிக்கிறது

ஐஎல்சி வைத்தவர்களில் பெரும்பாலானோர் சந்திப்பது இதுதான். ஆளை ஏமாற்றுவதும் இதுதான். முதல் நாள் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவோம். மறுநாள் வந்தால் கை நடுங்கிக்கொண்டிருக்கும். லாங்மன் குழு ஒரு நிஜ ரோபோவில் எளிய விதியை ஓட்டியபோது கை போட்ட இரைச்சலில் இயந்திரம் கெட்டுவிடுமோ என்று சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. கணினியில் இதே வகை மூன்றாம் படி மாதிரியை ஓட்டிப் பார்த்தபோது, பிழை முதல் சில சுற்றுகளில் குறைந்து, பிறகு 10-இன் 51-ஆம் அடுக்கு அளவுக்கு வளர்ந்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளுக்குப் பிறகே இறங்கத் தொடங்கியது. கணிதப்படி அந்த விதி நிலையானது, கடைசியில் பூஜ்ஜியத்துக்குப் போய்ச் சேரும் என்று நிரூபிக்கவும் முடியும். அந்த நிரூபணத்தை நம்பி ஒரு கையை ஓட்ட முடியாது.

காரணம் இதுதான். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உள்ள பிழை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இந்த எண்ணால் பெருக்கப்படுகிறது:

```
| 1 − φ · z^γ · G |
```

`z^γ` என்பது `γ` சாம்பிள் முன்னே பார்ப்பதன் விளைவு. இந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்த அதிர்வெண்ணின் பிழை தேயும், மேலே இருந்தால் வளரும். (சுற்றின் நீளம் முடிவுள்ளது என்பதால் இது தோராயம்தான். ஆனால் 400 சாம்பிளுக்கு நடைமுறையில் நன்றாகவே பொருந்தும்.) நம் மூட்டில் `φ = 1`, `γ = 1` வைத்துக் கணக்கிட்டால் 1 ஹெர்ட்ஸில் இந்த எண் 0.70. 2 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய சரியாக 1. 5 ஹெர்ட்ஸில் 1.24.

இப்போது முதல் சுற்றில் 1 ஹெர்ட்ஸ் பிழை ஒரு டிகிரி, 5 ஹெர்ட்ஸ் பிழை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியது சுற்றுக்கு முப்பது சதவீதம் குறைகிறது. சின்னது இருபத்து நான்கு சதவீதம் வளர்கிறது, ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பன்னிரண்டாம் சுற்றில் இரண்டும் 0.013 டிகிரியில் சந்திக்கின்றன. உங்கள் வரைபடத்தில் ஆர்எம்எஸ் பிழை கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்காகத் தெரியும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் எழுந்து போவோம். இருபதாம் சுற்றில் 5 ஹெர்ட்ஸ் பிழை 0.07 டிகிரி, முப்பத்து மூன்றாம் சுற்றில் ஒரு டிகிரியைத் தாண்டிவிடும். கற்றல் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட மோசம். கெட்டது எதுவும் புதிதாக நடுவில் நுழையவில்லை. முதல் சுற்றிலேயே இருந்தது, தெரிகிற அளவுக்கு வளர அதற்குப் பன்னிரண்டு சுற்று தேவைப்பட்டது.

உறுதி செய்வது எப்படி? சேமித்து வைத்த `e` ஒவ்வொன்றுக்கும் அதிர்வெண் பிரிப்பு எடுத்து, சுற்று எண்ணுக்கு எதிராக மடக்கை அளவில் வரையுங்கள். 1, 2, 5, 10 ஹெர்ட்ஸ் என்று நாலு கோடு போதும். ஒரு கோடு நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தால் நோய் இதுதான். ஐந்தாறு சுற்றிலேயே இந்தக் கோடு தெரிந்துவிடும், இரைச்சல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் பலர் செய்வது `φ`-ஐக் குறைப்பது. அது மருந்தல்ல. நம் மூட்டில் `φ` 0.5 என்று வைத்தால் 5 ஹெர்ட்ஸில் 1.24 என்பது 1.115 ஆகும். வளர்ச்சி நிற்கவில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு குறைத்தாலும் `z^γ·G`-இன் ஃபேஸ் 90 டிகிரியைத் தாண்டிய அதிர்வெண்ணில் இந்த எண் ஒன்றுக்கு மேலேதான் இருக்கும். அங்கே நாம் கூட்டும் திருத்தம் கால் சுழற்சிக்கும் மேல் தள்ளிப் போய்ச் சேர்கிறது. குறைக்க வேண்டிய பிழையை அது ஏற்றிவிடுகிறது.

ஆகவே திருத்த வேண்டியது ஃபேஸை. அதற்குத்தான் `γ`. விநாடிக்கு 100 சாம்பிள் என்றால் ஒரு சாம்பிள் முன்னே பார்ப்பது ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 3.6 டிகிரியைத் திருப்பிக் கொடுக்கும். நம் மூட்டின் ஃபேஸ், கட்டளை ஒரு சாம்பிள் நேரம் மாறாமல் நிற்பதால் வரும் அரை சாம்பிள் தாமதத்தையும் சேர்த்து, 1 ஹெர்ட்ஸில் −47, 5 ஹெர்ட்ஸில் −155, 10 ஹெர்ட்ஸில் −238, 15 ஹெர்ட்ஸில் −267 டிகிரி. ஆறு சாம்பிள் முன்னே பார்த்தால் ஹெர்ட்ஸுக்கு 21.6 டிகிரி கூடும். அப்போது அதே நாலு இடங்களில் −26, −47, −22, +57 என்று வருகிறது. எல்லாம் 90-க்குள். ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ் வரை நல்ல பக்கத்தில் இருக்கிறோம். ஒரு சாம்பிள் மட்டும் முன்னே பார்த்தபோது `φ`-ஐ எவ்வளவு சுருக்கினாலும் 2.8 ஹெர்ட்ஸைத் தாண்ட முடிந்திருக்காது.

நிறையப் பார்த்தால் இன்னும் நல்லதா என்றால் இல்லை. மூன்று வைத்தால் 4 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கீழ்ப்பக்கம் விழுகிறது, பத்து வைத்தால் 9 ஹெர்ட்ஸுக்குள்ளேயே மேல்பக்கம் தாண்டிவிடுகிறது. முதல் அறிகுறியில் அளந்த `phase` வரிசையோடு `3.6*γ*f` கூட்டி, `γ`-க்கு 1 முதல் 12 வரை போட்டுப் பாருங்கள். எந்த எண்ணுக்கு ±90-க்குள் அதிக தூரம் போகிறதோ அதை எடுங்கள். மாதிரி எதுவும் தேவையில்லை, அளந்த எண்களே போதும்.

ஆறு வைத்ததும் 5 ஹெர்ட்ஸின் பெருக்கல் எண் 1.24-இலிருந்து 0.82-க்கும், 1 ஹெர்ட்ஸின் எண் 0.70-இலிருந்து 0.44-க்கும் இறங்குகிறது. இதோடு விட்டுவிட்டால் சிக்கல் போய்விடாது, ஒளிந்துகொள்ளும். 20 ஹெர்ட்ஸில் எண் இன்னும் 1.0053. இது அற்பம்தான், நூறு சுற்றில் ஒன்றும் தெரியாது. ஆனால் 4 விநாடிச் சுற்று என்றால் ஆயிரம் சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம்தான். அதற்குள் அந்த அற்பம் சுமார் இருநூறு மடங்காகிவிடும். அதனால் நல்ல பக்கம் முடியும் இடத்தில் கற்றலை வெட்டிவிட வேண்டும். பதிவு முழுசாகக் கையில் இருப்பதால் முன்னும் பின்னும் ஓடும் ஃபில்டரைப் போடலாம், அது ஃபேஸைக் கெடுக்காது. கீழே `r` என்பது வேண்டிய பாதை.

```python
b, a = signal.butter(2, 15, fs=100)
lead = np.r_[e[6:], np.zeros(6)]
u_next = r + signal.filtfilt(b, a, (u - r) + phi*lead)
```

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஃபில்டர் புதிய பிழைக்கு மட்டுமல்ல, இதுவரை சேர்ந்த திருத்தம் முழுவதற்கும் போடப்படுகிறது. பிழைக்கு மட்டும் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கசியும் துளி `u`-வில் சேர்ந்துகொண்டே போகும், அதை எடுக்க வழியே இருக்காது. முழுத் திருத்தத்துக்கும் போட்டால் பழைய துளியும் ஒவ்வொரு சுற்றிலும் கழுவப்படும். இரண்டாவது, சாதாரண `lfilter` போடாதீர்கள். கஷ்டப்பட்டு மீட்ட ஃபேஸை அது திரும்ப எடுத்துக்கொள்ளும், நோய் மறுபடி வரும்.

ஏற்கெனவே கெட்டுப்போன `u` இருந்தால் அதன் மேலேயே திருத்தத் தொடங்க வேண்டாம். வரைபடத்தில் பிழை மிகக் குறைவாக இருந்த சுற்றுக்கும் நாலைந்து சுற்று முன்னே உள்ள கோப்பை எடுத்து, புதிய ஃபில்டரில் ஒருமுறை விட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: பிழை குறைந்தது, ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டது

நிற்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிரிக்கும் சோதனை ஒன்றுதான்: `u`-வை உறையவைத்துவிட்டு, எதையும் கற்காமல் பத்து சுற்று ஓட்டுங்கள். பத்துப் பிழைப் பதிவுகளின் சராசரி வளைவையும், சுற்றுக்குச் சுற்று அதைச் சுற்றி எவ்வளவு சிதறல் என்பதையும் வரையுங்கள். சராசரி என்பது திரும்பி வரும் பிழை, கற்றால் போகக்கூடியது. சிதறல் என்பது திரும்பி வராத பிழை, எவ்வளவு கற்றாலும் போகாது.

சிதறல் பெரிதாகவும் சராசரி அதனுள் மறைந்தும் இருந்தால் நீங்கள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். இந்த நிலையில் கற்றலைத் தொடர்வது தீங்கு. போன சுற்றின் தற்செயலான பிழையை இந்தச் சுற்றில் எதிர்த்து அடிக்கிறோம், ஆனால் இந்தச் சுற்றில் வருவது வேறு தற்செயல். `φ = 1` வைத்து, மூட்டின் நடத்தையை முழுசாகத் திருப்பிப் போடும் விதியாக இருந்தால், திரும்பி வராத பிழையின் சதுரச் சராசரி `2/(2−φ)` மடங்கு, அதாவது இரு மடங்காகிவிடும். வீச்சில் 1.41 மடங்கு. `φ` 0.3 என்றால் வீச்சில் 1.08 மடங்குதான். அதனால் நான் எப்போதும் சொல்வது: முதல் எட்டுப் பத்து சுற்று பெரிய `φ`, அப்புறம் 0.3, அப்புறம் கற்றலை நிறுத்திவிட்டுச் சேமித்த `u`-வையே ஓட்டுவது. எந்நேரமும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சராசரி இன்னும் பெரிதாக இருந்தால் கற்கக்கூடியது மிச்சம் இருக்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. பெரும்பாலும் அது நாமே போட்ட ஃபில்டர். மேலே உள்ள 15 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு 5 ஹெர்ட்ஸ் பிழை முப்பதில் ஒரு பங்காகக் குறைந்து நிற்கும். 10 ஹெர்ட்ஸிலோ கால் பங்குதான் போகும், முக்கால் பங்கு அப்படியே நிற்கும். காரணம் எளிது. அங்கே மூட்டின் பதில் கட்டளையில் இருபதில் ஒரு பங்குதான். சுற்றுக்குக் கொஞ்சமாகக் கற்கிறது, கற்றதில் பெரும்பகுதியை ஃபில்டர் அதே சுற்றில் எடுத்துவிடுகிறது. சராசரிப் பிழையின் அதிர்வெண்ணைப் பாருங்கள். வெட்டும் இடத்துக்கு அருகில் குவிந்திருந்தால் இதுதான். இதற்கு ஃபில்டரைத் தளர்த்துவது ஆபத்து, முந்தைய அறிகுறிக்கே திரும்பிப் போவோம். பாதையையே மென்மையாக்குவது நல்லது. வேகம் திடீரென்று மாறும் மூலைகளை உருட்டிவிட்டால் 10 ஹெர்ட்ஸில் பிழையே எழாது. தொழிற்கூடத்தில் சுற்று நேரத்தைக் கூட்டாமலே இதைப் பெரும்பாலும் செய்துவிடலாம்.

மூன்றாவது காரணம் மோட்டார் உச்சத்தைத் தொடுவது. மின்னோட்டப் பதிவை எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் உச்சி தட்டையாக வெட்டுண்டு இருந்தால், அங்கே கட்டளையை எவ்வளவு ஏற்றினாலும் கை அதற்குமேல் போகாது. பிழை குறையாததால் கற்றல் விதி ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் கூட்டும். `u` அந்த இடத்தில் மலையாக வளரும், ஒருநாள் சுமை குறைந்தால் அந்த மலை முழுவதும் கையில் இறங்கும். உச்சத்தைத் தொட்ட சாம்பிள்களில் திருத்தம் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் முடுக்கத்தைக் குறைப்பதே நிரந்தரத் தீர்வு.

அறிகுறி: நடுவில் சுத்தம், தொடக்கத்திலும் முடிவிலும் கூர்முனை

ஐஎல்சி ஒவ்வொரு சுற்றும் ஒரே நிலையிலிருந்து தொடங்குகிறது என்று நம்புகிறது. போன சுற்றின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கினால் தொடக்கப் பிழை ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். முதல் இருபது முப்பது சாம்பிள்களைப் பல சுற்றுகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் விசிறி மாதிரி விரிவது தெரியும். கை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடக்கப் புள்ளிக்கு வந்து நிற்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் தளர்வு ஒருநாள் இந்தப் பக்கமும் ஒருநாள் அந்தப் பக்கமும் இருக்கும்.

முடிவில் வரும் கூர்முனைக்குக் காரணம் நாமே. ஆறு சாம்பிள் முன்னே பார்க்கிறோம், கடைசி ஆறு சாம்பிளுக்கு முன்னே பார்க்க ஒன்றும் இல்லை. `filtfilt`-உம் ஓரங்களில் தரவைத் தானாக நீட்டிக்கொள்ளும், அந்த நீட்டலில் வரும் வளைவு சுற்றுக்குச் சுற்று சேரும். இரண்டுக்கும் ஒரே வழி: அசைவுக்கு முன்னும் பின்னும் கை சும்மா நிற்கும் 0.3 விநாடியையும் பதிவில் சேர்த்து, அந்தப் பகுதி முழுவதையும் சேர்த்தே கற்க விடுங்கள். ஓரத்தில் பிழையும் திருத்தமும் பூஜ்ஜியமாக இருந்தால் ஓரக் கோளாறுக்குத் தீனியே இல்லை.

அறிகுறி: என்கோடரில் பிழை மறைந்துவிட்டது, கருவி முனையோ முன்னைவிட நடுங்குகிறது

இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் பிடிக்கும், ஏனென்றால் திரையில் உள்ள எல்லா வரைபடமும் வெற்றி என்றே சொல்லும். என்கோடர் மோட்டார் தண்டில் இருக்கிறது. அதற்கும் கருவி முனைக்கும் இடையில் கியர்பாக்ஸ், நீண்ட கை எல்லாம் ஸ்பிரிங் மாதிரி வளைகின்றன. மோட்டாரின் நிலை வேண்டிய பாதையில் துல்லியமாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். முன்பு மோட்டார் சற்றே விட்டுக்கொடுத்ததால் அடங்கிய அதிர்வு இப்போது இறுக்கிப் பிடித்த மோட்டாரின் மறுபக்கத்தில் முனைக்குப் போகிறது.

கருவி முனையில் ஒரு முடுக்கமானியை ஒட்டி, கற்றல் இல்லாத சுற்று ஒன்றையும் கற்று முடிந்த சுற்று ஒன்றையும் பதிவு செய்து, நின்ற பிறகு வரும் அரை விநாடியை ஒப்பிடுங்கள். கற்ற சுற்றில் அந்த வால் அதிகம் ஆடினால் சந்தேகம் வேண்டாம். ஆடும் அதிர்வெண்ணை அளந்து, கற்றல் ஃபில்டரை அதற்கு நன்றாகக் கீழே இறக்குங்கள். கையின் அதிர்வு 12 ஹெர்ட்ஸ் என்றால் 15-இல் வெட்டுவது சரிப்படாது, 6 அல்லது 7-இல் வெட்ட வேண்டும். ஃபேஸ் நல்ல பக்கத்தில் இருக்கிறது என்பது மோட்டார் பக்கத்து உத்தரவாதம் மட்டுமே. உண்மையிலேயே முனையின் பாதைதான் முக்கியம் என்றால், உதாரணமாகப் பசை தடவும் வேலை, முனையையே வெளியிலிருந்து அளந்து அந்தப் பிழையைக் கொண்டு கற்க வேண்டும். அளக்கும் கருவி ஒரு நாளைக்கு இருந்தால் போதும். கற்ற `u`-வைச் சேமித்துவிட்டு அதை எடுத்துவிடலாம்.

அறிகுறி: காலையில் கற்றது மதியம் பொருந்தவில்லை, அல்லது வேறு பொருளை எடுத்தால் கெடுகிறது

கற்ற `u` என்பது அந்தப் பாதைக்கும் அந்தச் சுமைக்கும் அந்த வெப்பநிலைக்கும் உரிய விடை. கியர்பாக்ஸின் கிரீஸ் குளிர்ந்திருக்கும்போது உராய்வு அதிகம், கை சூடானதும் குறையும். திசை திரும்பும் இடங்களில், வேகம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் சாம்பிள்களில், பிழை எழும்பினால் காரணம் உராய்வு. முடுக்கம் அதிகமான இடங்களில் எழும்பினால் காரணம் சுமை. பிழை வரைபடத்தின் மேல் வேகத்தையும் முடுக்கத்தையும் வரைந்தாலே இது தெரிந்துவிடும்.

உராய்வு என்றால் கையை உற்பத்தி வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிய பிறகு கற்க விடுங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் சின்ன `φ` வைத்து ஐந்தாறு சுற்று மறுபடி கற்கவிட்டு நிறுத்துங்கள். சுமை என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி `u` கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், வெறும் கிரிப்பருக்கும் ஒன்று. கோப்பின் பெயரிலேயே பாதை, சுமை, வேகம் மூன்றையும் எழுதுங்கள். வேகத்தை 80 சதவீதத்திலிருந்து 100-க்கு ஏற்றிவிட்டுப் பழைய `u`-வை நேர அளவில் சுருக்கிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். முடுக்கம் வேகத்தின் வர்க்கமாக ஏறும், உராய்வு அப்படி ஏறாது. அதனால் சுருக்கிய வளைவு எந்த இடத்திலும் சரியாக உட்காராது. பொருட்கள் அடிக்கடி மாறும் வரிசையில், ஒவ்வொன்றும் பத்து தடவைகூடத் திரும்பி வராது என்றால், அங்கே ஐஎல்சி வேண்டாம். சுமையின் எடையை அளந்து முன்கணிப்பு முறுக்குவிசை கொடுப்பதுதான் அங்கே வேலை செய்யும்.